உம்மாவுக்கு சுகர் 146: பதில் சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ரமளானின் இரண்டாவது வாரத்தில் சேலையூரிலிருந்து ஒரு சகோதரர் நமக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "காக்கா, உம்மாவுக்கு சுகர் 146. நோன்புல எடுத்தது. இதுக்கு முன்னாடி சுகர் இருந்ததில்ல. மாத்திரை ஆரம்பிக்கணுமா? நோன்பை விடச் சொல்லவா?" அவ்வளவுதான் செய்தி. பரிசோதனைக்கூட வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் என்பதால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் உள்ள உறவினர்களும் நண்பர்களும் இப்படி ஓர் எண்ணை மட்டும் அனுப்பிக் கேட்பது நமக்குப் பழகிப்போன ஒன்று.

பதிலுக்கு நாம் சில கேள்விகளைத்தான் அனுப்பினோம். ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? ஸஹர் எத்தனை மணிக்கு முடித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள்? கை நரம்பில் ஊசி போட்டு எடுத்ததா, விரலில் குத்தி மீட்டரில் பார்த்ததா? எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது? இயல்பு அளவு என்ற கட்டத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது? அவருக்குக் கொஞ்சம் சலிப்பு. "ஒரு நம்பருக்கு இவ்வளவு கேள்வியா காக்கா?" என்றார். அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம்.

படம் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை என்ற தலைப்பின் கீழ் 146. இயல்பு அளவு 70 முதல் 100 வரை. எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கான குறியும் இருந்தது. இதை அப்படியே நம்பினால் உம்மாவுக்கு நீரிழிவு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஏனென்றால் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் நீரிழிவுக்கு வைத்திருக்கும் எல்லை.

ஆனால் அதே காகிதத்தின் மேல் மூலையில் ரத்தம் எடுத்த நேரம் காலை 8.30 என்று இருந்தது. உம்மா ஸஹர் முடித்தது 4.50க்கு. சோறு, பருப்பு, ஒரு வாழைப்பழம், கடைசியாகச் சர்க்கரை போட்ட டீ. அதாவது சாப்பிட்டு மூன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் ரத்தம் எடுத்த பெண் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். உம்மா "நோன்புங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணும் நல்ல எண்ணத்தோடு 'வெறும் வயிறு' என்று பதிந்துவிட்டார். இருவர் மீதும் தவறு சொல்ல முடியாது. ஒரே சொல்லை இருவரும் வேறு வேறு பொருளில் புரிந்துகொண்டார்கள்.

நம் வீடுகளில் ரமளான் காலத்து அறிக்கைகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான் என்பது நம் அனுபவம். பரிசோதனைக்கூடத்தில் வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம் உணவோ, சர்க்கரை உள்ள பானமோ உள்ளே போயிருக்கக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். அதனால்தான் இரவு உணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் வரச் சொல்கிறார்கள். நோன்பின் கணக்கு வேறு. சென்னையில் மார்ச் மாதத்தில் ஸஹர் காலை ஐந்து மணியை ஒட்டி முடிகிறது, இஃப்தார் மாலை ஆறே கால் மணியைத் தாண்டி வருகிறது. எனவே காலை எட்டரை மணிக்கு நோன்பாளி உடல் கணக்கில் சாப்பிட்ட வயிறோடுதான் இருக்கிறார். எட்டு மணி நேரம் நிறைவதற்கே பகல் ஒரு மணி ஆகிவிடும்.

சரி, அப்படியானால் 146 ஒன்றுமில்லையா என்று அந்தச் சகோதரர் கேட்டார். அதுவும் இல்லை. சர்க்கரைக் கோளாறு இல்லாத ஒருவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பாலும் 140க்குக் கீழே வந்துவிடும். மூன்றரை மணி நேரம் கழித்தும் 146 நிற்கிறது என்றால் கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நீரிழிவு என்று பெயர் சூட்டவும், மாத்திரை தொடங்கவும் அது போதாது. உடலில் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. சரியான முறையில் எடுத்த இன்னொரு பரிசோதனையும் அதையே காட்ட வேண்டும்.

இதே 146 வேறு ஒருவருடையதாக இருந்தால் நம் பதில் முற்றிலும் மாறியிருக்கும். பத்து ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த 146 என்றால், அல்ஹம்துலில்லாஹ், நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் ஏதோ ஒரு நேரத்தில் விரலில் குத்திப் பார்த்த 146 என்றால், அது மேற்கொண்டு பார்க்கச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. எந்நேரத்திலும் எடுக்கும் சர்க்கரையை வைத்து நீரிழிவு என்று சொல்ல 200ஐத் தொட வேண்டும், கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு போன்ற அறிகுறிகளும் இருக்க வேண்டும்.

கர்ப்பிணி ஒருவருடைய 146 என்றால் கதையே வேறு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷய்யா முன்வைத்த எளிய முறை ஒன்று இந்தியா முழுவதும் அரசு மருத்துவமனைகளில் பயன்படுகிறது. கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. அங்கே 146 என்பது அதே வாரத்தில் மருத்துவரிடம் போக வேண்டிய எண். நம் சகோதரர் அனுப்பியது தாயாருடைய எண் என்பதால் இந்தக் கேள்வி எழவில்லை. "வீட்டுல சுகர் 146" என்று மட்டும் எழுதி அனுப்பும் கணவர்களும் உண்டு. அவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்கிறோம்.

அடுத்தது அளவு. இந்தியாவில் ரத்தச் சர்க்கரையை ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அறிக்கையிலும் மீட்டர் திரையிலும் mg/dL என்று இருக்கும். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று சொல்வார்கள். அங்கே திரையில் mmol/L என்று வரும். வளைகுடா நாடுகளில் இரண்டையும் பார்க்கலாம். மில்லிமோல் கணக்கை 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு கிடைக்கும். 7 என்பது 126, 7.8 என்பது 140, 11.1 என்பது 200.

நம் குடும்பங்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் இது வெறும் பள்ளிக்கூடக் கணக்காக நின்றுவிடுவதில்லை. மகன் அங்கிருந்து வாங்கி வந்த மீட்டரில் பெருங்களத்தூரில் இருக்கும் வாப்பா பார்க்கிறார். 3.4 என்று காட்டுகிறது. சர்க்கரை என்றால் நூறு, இருநூறு என்று கேட்டுப் பழகியவர், மீட்டர் பழுது என்று தூக்கி வைத்துவிடுகிறார். 3.4ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 61 வரும். அது தாழ்சர்க்கரை. உடனே ஏதாவது இனிப்பு கொடுத்திருக்க வேண்டிய நேரம். 2005இல் சில வகை மீட்டர்களில் அளவு தானாகவோ கை தவறியோ மாறிவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் அடியில் சிறிதாக இருக்கும் எழுத்தையும் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

7.8 என்ற எண்ணில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அது மில்லிமோலில் சொன்ன சர்க்கரையாக இருந்தால் 140. மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையின் 7.8 சதவீதமாக இருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 177 இருந்திருக்கிறது என்று பொருள். முதலாவது, சாப்பிட்ட பிறகு எடுத்ததென்றால், கவலைக்குரியதல்ல. இரண்டாவது தெளிவான நீரிழிவு. பிரிட்டனில் இருப்பவர் இதே மூன்று மாதச் சர்க்கரையை 62 என்று சொல்வார், ஏனென்றால் அங்கே அதற்கும் வேறு அளவு. அதைக் கேட்கும் இங்குள்ள அக்கா, தம்பிக்கு சர்க்கரை 62க்கு இறங்கிவிட்டதே என்று பதறுவார். ஒருவருக்குக் குறைவு போலத் தெரிவது உண்மையில் அதிகமாக இருக்கிறது. எனவே எண்ணோடு பரிசோதனையின் பெயரும் வர வேண்டும்.

மீட்டரா, நரம்பு ரத்தமா என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரத்தின்படி 100க்கு மேற்பட்ட எண்களில் உண்மை அளவிலிருந்து 15 சதவீதம் வரை கூடக் குறைய இருந்தாலும் அந்த மீட்டர் தேர்ச்சி பெற்றதாகவே கொள்வார்கள். உண்மையான அளவு 146 என்றால் நல்ல மீட்டர்கூட 124 என்றோ 168 என்றோ காட்டலாம். நீரிழிவு உள்ளவர் தன் அன்றாட நிலையைத் தெரிந்துகொள்ள இது போதும். ஒருவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய நரம்பு ரத்தம்தான் வேண்டும். இதோடு கையில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்துகொள்ளும். இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் பிட்ட கையோடு விரலில் குத்திப் பார்த்து 280 வந்ததென்று அலறியடித்துக்கொண்டு வந்தவரை நமக்குத் தெரியும். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பார்த்ததில் 170தான். காலாவதியான பட்டைகளும், மூடி திறந்தே கிடந்த டப்பாவில் இருந்த பட்டைகளும் இதேபோல ஏமாற்றும்.

நரம்பு ரத்தத்திலும் ஒரு பலவீனம் இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். நம் புறநகர்ப் பகுதியில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் நான்கைந்து வீடுகளை முடித்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி, முதன்மைக் கூடத்தில் ஒப்படைப்பதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். இதற்காகத்தான் சர்க்கரைக்கு மட்டும் ஃப்ளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. அதுவும் முதல் ஓரிரு மணி நேரத்தில் முழுமையாகத் தடுப்பதில்லை, பிறகுதான் நன்றாக வேலை செய்கிறது. எனவே எதிர்பார்த்ததைவிடக் குறைவான எண் வந்தால், எந்தக் குழாயில் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்குக் கூடத்துக்குப் போனது என்று கேட்பது நல்லது. பெரும்பாலான அறிக்கைகளில் இரண்டு நேரங்களும் அச்சிட்டே இருக்கும்.

இயல்பு அளவு என்ற கட்டத்தை நாம் கேட்பதற்குக் காரணம், அது மற்றக் கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கும். அங்கே 70-100 என்றிருந்தால் வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றும், அளவு மில்லிகிராம் என்றும் தெரிந்துவிடும். 3.9-5.6 என்றிருந்தால் மில்லிமோல். ஆனால் அந்தக் கட்டத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்கு வெறும் வயிற்றில் 108 என்று வைத்துக்கொள்வோம். 70-100 என்று போடும் கூடத்தில் அது அதிகம் என்று குறி விழும். 70-110 என்று போடும் கூடத்தில் குறி இராது. இரண்டும் ஒரே உடல்தான். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது 110இல்தான் தொடங்குகிறது. குறி விழவில்லை என்பதால் நிம்மதியாகிவிடுவதும், குறி விழுந்ததால் பயந்துவிடுவதும் நடக்கிறது. மேலும், கூடத்தின் கணினி 'வெறும் வயிறு' என்று பதிந்ததை நம்பித்தான் குறி போடுகிறது. உம்மாவின் அறிக்கையில் நடந்ததும் அதுதான்.

இத்தனையையும் கேட்டு உறுதி செய்யக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. நோன்பாளிக்கு வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் இருந்தால் முதலில் இனிப்பு, பிறகுதான் கேள்வி. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். ரமளானும் நீரிழிவும் பற்றிச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள வழிகாட்டுதல், சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ, உடல் முடியாமல் போனாலோ, இஃப்தாருக்கு அரை மணி நேரமே இருந்தாலும் நோன்பை முறித்துவிடச் சொல்கிறது. நோயாளிக்கு அல்லாஹ் சூரத்துல் பகராவில் தந்திருக்கும் சலுகை இதற்குத்தான். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே பெரும்பாலான ஆலிம்கள் சொல்கிறார்கள். அதற்குப் பயந்து பார்க்காமல் இருப்பவர்கள், குறிப்பாக இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், தங்கள் பகுதி இமாமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

சேலையூர் உம்மாவுக்கு வருவோம். நோன்பு மாதத்திலேயே முறையான வெறும் வயிற்றுப் பரிசோதனை எடுப்பது சிரமம். ஸஹருக்கு முன் எடுக்கலாம், ஆனால் அந்நேரத்தில் கூடம் திறந்திருக்காது. பகல் இரண்டு மணிக்கு மேல் எடுத்தால் எட்டு மணி நேரக் கணக்கு நிறைவேறும், ஆனால் 126 என்ற எல்லை இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் எடுக்கும் ரத்தத்தை வைத்து வகுத்தது, பிற்பகலில் சர்க்கரை பொதுவாகச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே வயிறு காலியாக இருக்கத் தேவையில்லாத மூன்று மாதச் சர்க்கரையை அப்போதே பார்த்துவிட்டு, வெறும் வயிற்றுப் பரிசோதனையைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய மருத்துவர் சொன்னார். ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சர்க்கரையும் சரியாகக் காட்டாது என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்தார்கள். அது சரியாகவே இருந்தது. மாத்திரை தொடங்கவில்லை. நோன்பையும் விடவில்லை.

ஷவ்வாலின் இரண்டாவது வாரத்தில் அந்தச் சகோதரரிடமிருந்து அடுத்த செய்தி வந்தது. "உம்மா, 61 வயசு. சுகர் மாத்திரை எதுவும் எடுக்கல. நேத்து ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டது, இன்னைக்குக் காலைல 7.45க்கு நரம்புல எடுத்தது, சாம்பல் மூடிக் குழாய். வெறும் வயிறு 112 mg/dL, லேப் அளவு 70-100. ரமளான்ல பார்த்த மூணு மாசச் சர்க்கரை 6.1 சதவீதம். டாக்டர்கிட்ட சாயந்திரம் போறோம்."

இரண்டு எண்களும் ஒரே இடத்தைச் சுட்டின. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, மூன்று மாதச் சர்க்கரையில் 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. மருத்துவரும் அதையே சொல்லி, ஸஹரில் பழகிவிட்ட சர்க்கரை டீயை நிறுத்தச் சொன்னார். தினமும் அரை மணி நேரம் நடக்கவும், மூன்று மாதம் கழித்து இதே இரண்டையும் மறுபடி பார்க்கவும் எழுதிக் கொடுத்தார்.